பக்கத்தை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள்: ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். இணையத்தில் வரும் தகவலைச் சரிபார்ப்பது பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் வரப்போகிறது என்று ஆசிரியர்களிடையே பேச்சு அடிபடுகிறது. வந்தால் நல்லதுதான். ஆனால் எந்தப் பாடம் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. தவறான பாடம் வந்தால், பாடமே இல்லாமல் இருந்ததைவிடப் பிள்ளைகள் எளிதாக ஏமாறுவார்கள். அதனால்தான் இந்த மடல்.

சில காலம் முன்பு ஒரு பயிற்சியில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஓர் இணையதளம் நம்பகமானதா என்று பார்க்க அதில் வரிசையாகக் கேள்விகள். முகவரி .com-ல் முடிகிறதா, .org-ல் முடிகிறதா? எழுதியவர் பெயர் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் உண்டா? எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா? ஆதாரங்களைக் காட்டியிருக்கிறார்களா? விளம்பரம் குறைவா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' வந்தால் நம்பலாம். கலிஃபோர்னியாவில் சிக்கோ நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் 2004-ல் உருவான ஒரு பட்டியலும் இந்த வகைதான். நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்க்க அந்த முறை போதுமானதாக இருந்திருக்கலாம். அந்தப் புத்தகம் அலமாரிக்கு வருவதற்கு முன்பே பதிப்பாளர், நூலகர் என்று இரண்டு பேர் அதைப் பார்த்திருப்பார்கள். இணையப் பக்கத்துக்கு அப்படி யாரும் இல்லை.

அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பதில், சந்தேகத்துக்குரிய அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடமே நற்சான்றிதழ் வாங்குகிறோம். .org முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். 'எங்களைப் பற்றி' பக்கத்தை அவர்களேதான் எழுதுகிறார்கள். பிழை திருத்த ஆள் வைத்துக்கொள்ளலாம். ஏமாற்ற நினைப்பவர் முதலில் சரிசெய்வது இவற்றைத்தான்.

இதை வெறும் வாதமாக விட வேண்டாம். ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம்.

நேஷனல் வாக்சின் இன்ஃபர்மேஷன் சென்டர் என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழில் சொன்னால் தேசியத் தடுப்பூசித் தகவல் மையம். முகவரி nvic.org. தாள் கேட்கிற கேள்விகளை இதில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். .org, ஆம். லாப நோக்கமற்ற அமைப்பு, 1982-ல் தொடங்கியது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். நிறுவனர் பெயர் இருக்கிறது. கட்டுரைகளின் கீழே மருத்துவ இதழ்களைச் சுட்டும் நீளமான அடிக்குறிப்புகள். மொழி அமைதியாக, படித்தவர் எழுதியதாக இருக்கிறது. தடுப்பூசி போடு என்றோ போடாதே என்றோ நாங்கள் சொல்வதில்லை, பெற்றோர் தெரிந்து முடிவெடுக்க உதவுகிறோம் என்றுகூடச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த தாள்படி இதற்கு நூற்றுக்கு நூறு.

இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல், அமைப்பின் பெயரை மட்டும் எடுத்து வேறொரு தாவலில் தேடுங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தடுப்பூசி பற்றித் தவறான தகவல் பரப்புவதாக அது பரவலாக விமர்சிக்கப்படுவதை விக்கிப்பீடியாவின் ஆங்கிலக் கட்டுரை தொடக்கத்திலேயே சொல்கிறது. தொடங்கும்போது அதன் பெயரே வேறு, 'அதிருப்தியுற்ற பெற்றோர் கூட்டமைப்பு' என்ற பொருளில் இருந்தது. இயற்கை மருத்துவப் பொருள்களை இணையத்தில் விற்றுப் பெரும் பணம் சம்பாதித்த ஜோசப் மெர்கோலாவிடமிருந்து பல ஆண்டுகளாக அதற்குப் பெருந்தொகை வந்ததை அமெரிக்க நாளேடு ஒன்று 2019-ல் வரி ஆவணங்களைக் கொண்டு வெளியிட்டது. 'தேசிய' என்ற சொல் இருக்கிறதே தவிர, அது அரசு அமைப்பு இல்லை.

இதுதான் பக்கவாட்டு வாசிப்பு. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து முடிவெடுக்காமல், அதை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் புதிய தாவல்களைத் திறந்து, இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பெயர் அது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர் என மூன்று கூட்டத்தாரையும் உட்காரவைத்து, முன்பின் தெரியாத தளங்களைக் கொடுத்து, அவர்கள் திரையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். அதில் ஒரு பணி, இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளை ஒப்பிடுவது. ஒன்று 1930-ல் தொடங்கிய, அறுபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். மற்றொன்று ஒருபால் இணையர் குழந்தை தத்தெடுப்பதை அந்தக் கழகம் ஆதரித்ததால் கோபித்துக்கொண்டு 2002-ல் பிரிந்துபோன ஒரு சிறு கூட்டம். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சரிபார்ப்பவர்கள் அனைவரும் சில நொடிகளில் பக்கத்தை விட்டு வெளியே போய் விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக்குள்ளேயே உழன்று, தளத்தின் அமைப்பையும் அடிக்குறிப்பையும் பார்த்துப் பிரிந்துபோன கூட்டத்தையே நம்பினார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். ஊன்றிப் படிக்கத் தெரிந்ததே அவர்களுக்கு இங்கே தடையாக இருந்தது என்பதுதான் நான் பலமுறை யோசித்துப் பார்த்த செய்தி. பள்ளியில் நாம் கற்றுக்கொடுப்பதும் ஊன்றிப் படிக்கத்தானே?

நான் தடுப்பூசியை எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி என்றார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட வந்தார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் ஓடிவிட்டன. பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்ல வாசலில் பெற்றோர் வரிசையாக நின்றது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வதந்தி பரவியதால் முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலமான கேரளத்திலும் இதே சிக்கல்தான். கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-ல் அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைப் பற்றி வகுப்பு எடுக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் அந்த மாநிலம் ஐந்து, ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூலிலேயே இதைச் சேர்த்துவிட்டது. நாம் முந்த வேண்டாம், குறைந்தது பின்தொடரலாம்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நான் கேட்பது மூன்று பாடவேளை. அதில் முதல் வேளைக்குப் பிள்ளைகளுக்குக் கணினியே வேண்டாம்.

முதல் நாள், இரண்டு தளங்களின் முகப்பை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்று மேலே சொன்ன nvic.org. மற்றொன்று ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை நடத்தும் வாக்சின் எஜுகேஷன் சென்டர், அதாவது தடுப்பூசிக் கல்வி மையம். இதில் எது நம்பகமானது, ஏன் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் பெரும்பாலும் முதல் தளத்துக்கே வாக்கு விழும். "நேஷனல்னு போட்டிருக்கு சார், அப்போ கவர்மென்ட்டுதானே" என்பார்கள். இன்னொருவன், "இது வெறும் ஆஸ்பத்திரி சார், அவங்க ஊசி விக்கிறவங்க" என்பான். துண்டுத்தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

பிறகு ஆசிரியர் தன் கணினியில், திரையில் விழும்படி, தேடிக் காட்ட வேண்டும். கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். "நான் இதைப் படிக்கப் போவதில்லை. பெயரை எடுக்கிறேன். மேற்கோள் குறிக்குள் போடுகிறேன். அவர்கள் தளமே மேலே வந்து நிற்காமல் இருக்க அதை விலக்கச் சொல்கிறேன்." இப்படி:

```
"National Vaccine Information Center" -site:nvic.org
```

முடிவுகள் வந்ததும் எதையும் சொடுக்கக் கூடாது. பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெரியவர்களான நமக்கே கடினமானதும் இதுதான். முதலில் வந்ததைச் சொடுக்குவது எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். அதை நிறுத்தி, முதல் பக்கத்தில் வந்திருக்கும் எல்லா முடிவுகளின் தலைப்பையும், முகவரியையும், கீழே வரும் இரண்டு வரியையும் வாசிக்க வேண்டும். இதில் எது அவர்களுடைய சொந்தச் சமூக ஊடகக் கணக்கு? எது செய்தி நிறுவனம்? எது கலைக்களஞ்சியம்? எது அவர்களுக்கு ஆதரவாளர்? இதைப் பார்த்த பிறகுதான் எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைய தேடல் முடிவுப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தால், பிள்ளைகள் பேனாவால் குறியிட்டுப் பழகலாம். இணையம் அறுந்துபோகும் பள்ளிகளுக்கு இதுவே முழுப் பாடம். அச்செடுத்த தேதியைத் தாளில் போட மறக்காதீர்கள். தேடல் முடிவுகள் மாதத்துக்கு மாதம் மாறும், பாடநூல் ஐந்தாறு ஆண்டு நிற்கும்.

விக்கிப்பீடியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 'யார் வேண்டுமானாலும் எழுதலாம், எனவே நம்பாதே' என்று ஆசிரியர்களாகிய நாமே சொல்லிச் சொல்லி அந்தக் கருவியைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிவிட்டோம். சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதை முதலில் திறக்கிறார்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டு நேராக அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலுக்குப் போகிறார்கள். கட்டுரை சொல்வதை நம்புவதற்காக இல்லை, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. பாடநூலில் இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே போதும்.

இரண்டாவது வேளை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில். ஒரு கணினிக்கு இரண்டு பேர், அவசியமானால் மூன்று பேர். ஒருவர் தட்டச்சு, மற்றவர் குறிப்பு. குறிப்பில் மூன்றே விஷயம்: என்ன தேடினோம், யார் என்ன சொன்னார்கள், அப்படிச் சொன்னவர் யார். மூன்றாவதை எழுத மறப்பார்கள், அதை ஆசிரியர் விடாமல் கேட்க வேண்டும்.

இந்த வேளைக்கு மூன்று பெயர் போதும். ஒன்று, கரியமில வாயு பற்றிய ஆய்வு மையம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் co2science.org. ஒன்பதாம் வகுப்பு அறிவியலோடு பொருந்துகிறது என்பதால் இதைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு குழுவினர் 2018–19-ல் அமெரிக்கா முழுவதும் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இந்தத் தளத்தையே கொடுத்தார்கள். இணையத்தில் தேட முழு அனுமதியும் கொடுத்தார்கள். எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களோடு அதற்கு உள்ள தொடர்பைக் கண்டு சொல்லாதவர்கள் 96 விழுக்காட்டுக்கும் மேல். தொடர்பு ஒளிந்திருக்கவில்லை, பெயரைத் தேடினால் எக்ஸான்மொபில் பணம் கொடுத்த செய்தி வந்துவிடும். பக்கத்தை விட்டு வெளியே போகத்தான் ஆளில்லை. நம் பிள்ளைகள் இதில் தோற்றால் அவர்கள் மட்டும் தோற்கவில்லை என்று ஆசிரியர் சொல்லலாம்.

இரண்டாவது பெயர், இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மூன்றாவது, அந்தந்த ஊரில் சுற்றுகிற ஒரு தமிழ்ப் பக்கம் அல்லது யூடியூப் அலைவரிசை. அதைப் பாடநூலில் அச்சடிக்காதீர்கள், ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும்.

நம்பத்தக்க அமைப்பு ஒன்றை வலிந்து சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போலியை மட்டுமே காட்டி நடத்தினால், வகுப்பு முடியும்போது "எல்லாமே டுபாக்கூர்தான் சார்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளை, எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையைவிடத் தேறியவன் இல்லை, அடுத்து வரும் வதந்தியைத் தனக்குப் பிடித்தபடி ஏற்கவோ தள்ளவோ செய்வான். எடுத்துக்காட்டுகளில் பாதியாவது நல்லவையாக இருக்க வேண்டும். அதிலும் பார்க்க அழகில்லாத, பழைய வடிவமைப்பில் கிடக்கிற, ஆனால் நம்பத்தக்க தளம் ஒன்று இருந்தால் மிக நல்லது. நம் அரசுத் துறைத் தளங்களில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்து, வகுப்பில் நிச்சயம் வரப்போகும் ஒரு சிக்கல். இதற்குக் கையேட்டில் பதில் இல்லையென்றால் ஆசிரியர் மாட்டிக்கொள்வார். கூர்மையான பிள்ளை ஒருத்தி ஃபிலடெல்ஃபியா மருத்துவமனையின் மையத்தையும் இதே முறையில் தேடுவாள். தேட வேண்டும், அதுதான் நேர்மை. அந்த மையத்தை நடத்தும் மருத்துவர் பால் ஆஃபிட், ரோட்டாவைரஸ் தடுப்பூசி ஒன்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்றும், மெர்க் நிறுவனம் விற்கும் அந்த ஊசியால் அவருக்கும் மருத்துவமனைக்கும் பணம் வந்தது என்றும் கண்டுபிடிப்பாள். "அப்போ ரெண்டு பேரும் காசு வாங்கினவங்கதானே சார், யாரை நம்புறது?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பணத் தொடர்பு இருப்பது எச்சரிக்கை, தீர்ப்பு ஆகாது. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அங்கே காட்ட வேண்டும். இவர்கள் சொல்வதோடு, இவர்களிடம் காசு வாங்காத மற்றவர்கள் ஒத்துப்போகிறார்களா? தட்டம்மை ஊசி பற்றி ஃபிலடெல்ஃபியா மையம் சொல்வதையேதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது, அந்த ரோட்டாவைரஸ் ஊசியால் பத்துப் பைசா லாபமில்லாத நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் சொல்கிறார். nvic.org சொல்வதோடு ஒத்துப்போகும் தளங்களைத் தேடினால், சுற்றிச் சுற்றி ஒரே ஆட்கள், ஒரே பணம். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதைவிட, ஒருவரையொருவர் சாராதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர 1986-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்ததில் பின்னாளில் nvic.org ஆன அந்தப் பெற்றோர் கூட்டமைப்புக்கும் பங்குண்டு. ஓர் அமைப்பு ஒரு காலத்தில் நியாயமான ஒன்றைச் செய்திருக்கலாம், இன்று அது சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

அந்தக் கணக்கைப் பிள்ளைகள் தவறவிடும் விதம் எனக்குப் பழக்கமானது. "பத்து வெப்சைட்ல போட்டிருக்காங்க சார்" என்பார்கள். பத்தையும் அருகருகே திறந்து பார்த்தால் ஒரே பத்தி, ஒரே படம், ஒரே எழுத்துப்பிழை. பிழை ஒன்றாக இருந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தேர்வில் பக்கத்து இலையைப் பார்த்து எழுதியவர்களை நாம் எப்படிப் பிடிக்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தேடும் சொல்லிலேயே தவறு நுழைவது இன்னொன்று. 'தடுப்பூசி ஆபத்து' என்று தேடினால் ஆபத்து என்று சொல்லும் பக்கங்கள்தான் வரும். எதை எதிர்பார்க்கிறோமோ அதைத் தேடல் பெட்டியில் போடக் கூடாது. அமைப்பின் பெயரை மட்டும் போடலாம், அல்லது பெயரோடு 'நிதி', 'நிறுவனர்' போன்ற சார்பில்லாத ஒரு சொல்லைச் சேர்க்கலாம்.

மூன்றாவது வேளையை நான் தனியாகக் கேட்பது தமிழுக்காக. ஸ்டான்ஃபோர்டு பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் இங்கேதான் தடுக்கி விழுவோம். ஓர் அமைப்பைப் பற்றி மற்றவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் நிற்கிறது இந்த முறை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் உண்மை. நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வரும் தமிழ்க் காணொளியை எடுத்தவரைப் பற்றியோ, உடல்நலக் குறிப்பு போடும் பக்கத்தைப் பற்றியோ யாரும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். தேடினால் அவர்களுடைய அடுத்த காணொளிதான் வரும்.

அதற்கு இரண்டு வழி சொல்லித்தர வேண்டும். முதலாவது, தமிழில் வந்த பெயரை அதன் மூலத்துக்குக் கொண்டுபோவது. 'அமெரிக்காவின் தேசியத் தடுப்பூசித் தகவல் மையம் எச்சரிக்கை' என்று தமிழில் ஒரு செய்தி வந்தால், அந்தத் தமிழ்ப் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நேஷனல், வாக்சின், இன்ஃபர்மேஷன் எல்லாம் தெரிந்த சொற்களே. மூன்றில் இரண்டு சரியாக வந்தாலும் மீதியைத் தேடல் பெட்டியே எடுத்துக்கொடுத்துவிடும். இதை வகுப்பில் போட்டியாக நடத்தலாம், நன்றாக ஈடுபடுகிறார்கள்.

இரண்டாவது, சொன்னவரைப் பற்றி ஒன்றும் கிடைக்காவிட்டால் அவரை விட்டுவிட்டுச் சொன்ன விஷயத்துக்குப் போவது. இதற்கு 2017-ன் தட்டம்மை–ருபெல்லா வதந்தி நல்ல பயிற்சி. 'இது புதிதாக வந்த ஊசி, நம் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கிறார்கள்' என்று சுற்றிய வகைச் செய்தியை எடுங்கள். குரல் பதிவில் பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சரி, இது உண்மையா என்று யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? ஊசி போடும் சுகாதாரத் துறைக்கு, குழந்தை மருத்துவர் சங்கத்துக்கு, இதே ஊசியைப் போட்ட மற்ற நாடுகளுக்கு. மூன்று இடத்திலும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தால், தட்டம்மை ஊசி நம் நாட்டில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளுக்குப் போடப்படுவதும், ருபெல்லா சேர்ந்த ஊசி வெளிநாடுகளில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருப்பதும் தெரிந்துவிடும். 'புதிது' என்ற சொல் அங்கேயே விழுந்துவிடும்.

யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களையும், தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகத்தையும் இந்த வேளையில் அறிமுகம் செய்யலாம். ஒன்றை மட்டும் எழுதத் தயங்காதீர்கள். செய்தி அரசைப் பற்றியதாக இருந்தால் அரசின் சரிபார்ப்பகம் ஒரு தரப்பின் சாட்சி, அதோடு நிறுத்தக் கூடாது. பாடநூலை அரசே அச்சிடுவதால் இந்த வரியை எழுதக் கை நடுங்கலாம். எழுதினால் பாடத்தின் மேல் பிள்ளைகளுக்கு மரியாதை கூடும்.

இவ்வளவு செய்தும் விடை கிடைக்காத செய்திகள் இருக்கும். அப்போது 'தெரியவில்லை, அதனால் பகிர மாட்டேன்' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டுவிடுங்கள். அச்சில் இல்லையென்றால் எங்களில் பலர் கொடுக்க மாட்டோம்.

மதிப்பெண் என்றதும் என் பெரிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பக்கவாட்டு வாசிப்பு என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று பாடத்தின் பின்னால் வந்துவிட்டால் கதை முடிந்தது. நாங்கள் அதை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்துவிடுவோம். பிள்ளைகள் வரையறையை ஒப்பித்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய் வந்ததையெல்லாம் பகிர்வார்கள். இந்தப் பாடத்தை எழுத்துத் தேர்விலிருந்து விலக்கி, வளரறி மதிப்பீட்டில் செயல்பாடாக மட்டும் வையுங்கள். மதிப்பெண்ணுக்கு, இரண்டாவது வேளையில் மூன்று விஷயங்களை எழுதிய அந்தக் குறிப்பே போதும். எழுத்துத் தேர்வில் வைத்தே தீர வேண்டுமென்றால், தேடல் முடிவுப் பக்கம் ஒன்றின் படத்தை அச்சிட்டு, 'இதில் எதை முதலில் திறப்பாய், ஏன்?' என்று கேளுங்கள். அதற்கு நோட்ஸ் போட முடியாது.

மூன்று வேளையில் பழக்கம் வந்துவிடுமா என்று கேட்டால், வராது. 2022-ல் வெளியான வைன்பர்க் குழுவின் ஆய்வில், அமெரிக்காவின் ஒரு பள்ளி மாவட்டத்தில் 499 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான வகுப்பு, மற்றவர்களுக்கு 50 நிமிடப் பாடம் ஆறு. ஆறு பாடத்திலேயே தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அவர்களும் எல்லாரும் எல்லா நேரமும் பக்கத்தை விட்டு வெளியே போய்விடவில்லை. நமக்கு ஆறு கிடைக்காது என்று தெரிந்துதான் மூன்று கேட்கிறேன். மீதியை அறிவியல், சமூக அறிவியல், தமிழ்ப் பாடங்களுக்குள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் போடலாம். 'இணையத்தில் தேடி எழுதுக' என்று இப்போதே பாடநூல்களில் ஏராளமான செயல்பாடுகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றின் கீழும் 'எடுத்த தளத்தைப் பற்றி வேறொருவர் சொன்னது என்ன?' என்று ஒரே ஒரு வரிக்கு இடம் விடுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

கடைசியாக அச்சகம் சார்ந்த ஒரு வேண்டுகோள். வதந்தியை எடுத்துக்காட்டாகப் பாடநூலில் அச்சிடும்போது, எழுத்தின் குறுக்கே 'பயிற்சிக்கான மாதிரி' என்று சாய்வாக, வெட்டி எடுக்க முடியாதபடி போடுங்கள். நான் வகுப்புக்குத் தயாரிக்கும் அட்டைகளில் அப்படித்தான் போடுகிறேன். இல்லையென்றால் யாராவது படம் பிடித்து, 'ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலேயே போட்டிருக்கிறார்கள்' என்று அடுத்த வாரமே அனுப்பிவிடுவார்கள்.

என்னிடமுள்ள அட்டைகளையும், அச்சுத் தாள்களையும், ஆசிரியர் குறிப்பையும் குழு கேட்டால் அனுப்பிவைக்கிறேன். பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அறிவியல் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி